படத்தில் எழுதாத 4.8 மீட்டர்: என்ஜினியரிங் மெக்கானிக்ஸ் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவர்களே,

இந்தப் பருவத்தில் ஸ்டாட்டிக்ஸ் எழுதப்போகும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். இந்தப் பாடத்தை நடத்துவதும் விடைத்தாள் திருத்துவதும் என் வேலை. கட்டுகளைப் பிரிக்கும்போதெல்லாம் ஒரே தவறு திரும்பத் திரும்ப வருகிறது. கணக்குப் போடத் தெரியாதவர்கள் செய்யும் தவறாக இருந்தால் இந்த மடலுக்குத் தேவை இருந்திருக்காது. ஃப்ரீ பாடி டயகிராமை அழகாக வரைந்து, சமன்பாடுகளைச் சரியான வரிசையில் எழுதி, கால்குலேட்டரில் பிழையில்லாமல் தட்டியவர்களும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். மொமென்ட் எடுக்கிற புள்ளி சரி, விசையும் சரி. பெருக்கிய தூரம் மட்டும் வேறு எதனுடைய தூரமாகவோ இருக்கிறது.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். செங்குத்தாக நிற்கும் ஒரு தூண். அதன் அடியில் A என்ற புள்ளியில் கீல் வைத்து ஒரு கிரேன் பூம் பொருத்தப்பட்டிருக்கிறது. பூமின் நுனி B. அது A-யிலிருந்து கிடையாக 4 மீட்டர் தள்ளி, 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே பூமின் நீளம் 5 மீட்டர். தூணிலேயே A-க்கு நேர் மேலே 6 மீட்டர் உயரத்தில் C என்ற புள்ளி. B-யையும் C-யையும் ஒரு கேபிள் இணைக்கிறது. B-யில் 10 கிலோநியூட்டன் சுமை தொங்குகிறது. ஏறத்தாழ ஒரு டன். பூமின் சொந்த எடையை இப்போதைக்கு விட்டுவிடலாம். கேபிளில் இழுவிசை எவ்வளவு?

A-யைச் சுற்றி மொமென்ட் எடுக்க வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கீலில் உள்ள இரண்டு விசைகளும் A வழியாகவே போவதால் சமன்பாட்டில் வராது. சுமையின் மொமென்ட் 10 × 4 = 40. இதையும் பெரும்பாலோர் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். சுமை நேராகக் கீழே தொங்குவதால் கிடையான 4 மீட்டர் கண்ணில் பட்டுவிடுகிறது. அடுத்த வரியில்தான் சிக்கல். கேபிள் இழுக்கும் இடம் B, மொமென்ட் எடுக்கும் இடம் A, இரண்டுக்கும் நடுவே படத்தில் ‘5 மீட்டர்’ என்று எழுதியிருக்கிறது. கை தானாகவே T × 5 என்று எழுதுகிறது.

```
T × 5 = 40
T = 8.0 kN
```

விடை முழு எண்ணாக வந்துவிட்டது. அதனாலேயே சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் சரியான விடை 8.33.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்பதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதல் சில வாரங்களுக்கு உங்களுக்குக் கொடுக்கப்படும் கணக்குகள் எல்லாமே கிடையான பீம்கள், அவற்றின் மேல் நேராக இறங்கும் சுமைகள். அங்கே பீமில் அளந்த தூரமும் விசையின் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரமும் ஒன்றேதான். ‘புள்ளியிலிருந்து விசை தொடும் இடம் வரை’ என்று மனத்துக்குள் பழகிப்போன பிழையான வரையறை, அந்தக் கணக்குகளில் ஒருமுறைகூடத் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. பூம் சாய்ந்து கேபிளும் சாயும் நாளில்தான் இரண்டும் பிரிகின்றன. அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது. இதில் உங்களைவிடப் பாடம் நடத்துகிற எங்கள் பொறுப்புதான் அதிகம். சாய்ந்த விசையை முதல் வகுப்பிலேயே கரும்பலகையில் போட்டுக்காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

மொமென்ட்டுக்கு வேண்டிய தூரம் புள்ளியிலிருந்து விசை செல்லும் கோட்டுக்கு இறக்கும் செங்குத்து. விசை பொருளை எங்கே தொடுகிறது என்பது அந்தக் கோடு எது என்று தெரிந்துகொள்ள மட்டும் உதவுகிறது. கோடு தெரிந்தபிறகு தொடும் புள்ளியை மறந்துவிடலாம். ஒரு கதவின் ஓரத்தைப் பிடித்துக் கீல் இருக்கும் பக்கம் நோக்கி எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் கதவு அசையாது. கைக்கும் கீலுக்கும் நடுவே மூன்றடி இருக்கிறது, ஆனால் தள்ளுகிற கோடு கீல் வழியாகவே போகிறது, செங்குத்துத் தூரம் பூஜ்யம். T × 5 என்று எழுதும் பழக்கத்தோடு போனால் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

நம் கணக்கில் அந்தச் செங்குத்து எங்கே விழுகிறது? கேபிளின் மீது, C-யிலிருந்து கேபிள் வழியே 3.6 மீட்டர் இறங்கி வந்த இடத்தில். அந்த இடத்தில் எதுவும் இல்லை. முடிச்சு இல்லை, போல்ட் இல்லை, படத்தில் எழுத்தும் இல்லை. A-யிலிருந்து அந்த வெற்றிடத்துக்குப் போடும் கோட்டின் நீளம்தான் 4.8 மீட்டர். மூலைமட்டத்தை எடுத்து அதன் ஒரு விளிம்பைக் கேபிள் மேல் வைத்து, மற்ற விளிம்பு A-யைத் தொடும்வரை நகர்த்திப் பாருங்கள், கோடு கிடைத்துவிடும். படம் அளவுக்கு வரையப்பட்டிருந்தால் நீளத்தையே ஸ்கேலால் அளந்துவிடலாம்.

சிலர் செங்குத்தை மறப்பதில்லை, F r sin θ என்ற சூத்திரமும் நினைவிருக்கிறது. ஆனால் θ-வுக்குப் படத்தில் எழுதியிருக்கும் கோணத்தை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். நம் கேபிள் கிடைக்கோட்டோடு 36.87 டிகிரி சாய்ந்திருக்கிறது. 5 × sin 36.87 என்றால் 3 மீட்டர், T 13.33 ஆகிவிடும். cos போட்டால் 4 மீட்டர், T 10 ஆகிவிடும். சூத்திரம் கேட்கிற கோணம் பூமுக்கும் கேபிளுக்கும் இடைப்பட்டது. பூமும் கிடையோடு 36.87 டிகிரி, கேபிளும் அதே அளவு எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பதால் இடைக்கோணம் 73.74 டிகிரி. 5 × sin 73.74 போட்டால் 4.8 கிடைக்கும். என்னைக் கேட்டால் T × 5 எழுதியவரைவிட இந்தக் கோணத்தில் தவறியவர் பாடத்துக்கு நெருக்கமாக இருக்கிறார். செங்குத்து வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, அதைத் தேடிய இடம்தான் தவறு.

கோணத்தில் அடிக்கடி தடுமாறுகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது விசையைப் பிரித்து எடுப்பதைத்தான். ஒரு விசையின் மொமென்ட்டும் அதன் கூறுகளின் மொமென்ட்டுகளைக் கூட்டியதும் சமம் என்பதைப் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பியர் வரின்யோனின் பெயரால் படித்திருப்பீர்கள். கேபிளின் நீளமும் 5 மீட்டர்தான், கிடையாக 4, செங்குத்தாக 3. ஆகவே B-யில் கிடைக்கூறு 0.8T, செங்குத்துக்கூறு 0.6T. கிடைக்கூறு A-யிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் போகிறது, செங்குத்துக்கூறு 4 மீட்டர் தள்ளிப் போகிறது.

```
0.8T × 3 + 0.6T × 4 = 4.8T
```

இங்கே தூரங்கள் எல்லாம் படத்தில் எழுதியிருப்பவை, கோணமே தேவைப்படவில்லை. இன்னும் சுருக்கமான வழியும் உண்டு. விசையை அதன் கோட்டிலேயே எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம், மொமென்ட் மாறாது. எனவே T-யை B-யிலிருந்து C-க்கு நகர்த்திவிட்டு அங்கே பிரியுங்கள். செங்குத்துக்கூறு தூணின் வழியே A-க்குள் போய்விடுகிறது, அதற்கு மொமென்ட் இல்லை. மீதி 0.8T × 6, அதாவது அதே 4.8T. இதைக் கரும்பலகையில் போட்டுக்காட்டினால் சில முகங்களில் நம்பாத பார்வை தெரியும். B-யில் கட்டியிருக்கிற கேபிளை C-யில் எப்படிக் கணக்கிடலாம் என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. தொடும் புள்ளி முக்கியம் என்ற பழைய எண்ணம் அங்கேதான் வெளியே வருகிறது.

பிரிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. 0.8T-யை 4.8 மீட்டரால் பெருக்கி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 4.8 முழு T-யின் கோட்டுக்கு உள்ள தூரம், கிடைக்கூறின் கோடு வேறு. ஒவ்வொரு கூறுக்கும் அதனதன் கோட்டுக்குத்தான் செங்குத்துப் போட வேண்டும்.

இப்போது C-யைத் தூணில் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். தேர்வுக்கு முன் உங்கள் நோட்டில் ஒருமுறையாவது இதைச் செய்துபார்க்கச் சொல்லி ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கிறேன். C-யை 3 மீட்டர் உயரத்துக்கு இறக்கினால் கேபிள் கிடையாகிவிடும், செங்குத்துத் தூரம் 3 மீட்டர், T 13.33. C-யை 1 மீட்டர் உயரத்துக்கு இறக்கினால் A-யிலிருந்து போடும் செங்குத்து கேபிளின் மேல் விழுவதே இல்லை. கேபிளின் கோட்டைத் தூணுக்குப் பின்னால் புள்ளிக்கோடாக நீட்டினால்தான் அது விழும் இடம் தெரியும். தூரம் 0.894 மீட்டர்தான், T 44.7 கிலோநியூட்டன். ஒரு டன் சுமையைப் பிடிக்க நாலரை டன் இழுவிசை. C இன்னும் இறங்கி A-யை நெருங்க நெருங்க T எல்லையில்லாமல் ஏறும்.

T × 5 போட்டவருக்கோ C எங்கே இருந்தாலும் விடை 8.0தான். கேபிளை எங்கே கட்டினாலும் இழுவிசை மாறாது என்று அந்தச் சமன்பாடு சொல்கிறது. சமன்பாட்டில் C-யின் இடத்தைக் குறிக்கும் எண் எதுவுமே இல்லை என்பதை எழுதும்போதே கவனித்தால் பேனா நின்றுவிடும்.

8.0 எப்போது சரியாகும் தெரியுமா? கேபிள் பூமுக்குச் செங்குத்தாக இருக்கும்போது. அதற்கு C 8.33 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் செங்குத்துத் தூரம் பூமின் முழு நீளத்தை எட்டும், அதற்கு மேல் போகவே போகாது. ஆகவே A-யிலிருந்து தொடும் புள்ளிவரை உள்ள நேர்த்தூரத்தை எடுத்தால் செங்குத்துத் தூரத்தைவிட அதிகமாகவே வரும், மிஞ்சிப்போனால் சமமாக வரும், ஒருபோதும் குறையாது. தாங்கிப் பிடிக்கிற விசைக்கு இந்தத் தவறு நேர்ந்தால் அதன் அளவு எப்போதும் குறைவாகவே வரும். வேண்டியதைவிட மெலிந்த கேபிளை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள். நம் கணக்கில் வித்தியாசம் 4 சதவீதம்தான். C 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் அதே தவறு ஐந்தரை மடங்கு வித்தியாசமாகிவிடும். சுமைப் பக்கமும் 4-க்குப் பதில் 5 போட்டு, கேபிள் பக்கமும் 5 போடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு T 10 வரும். சுமை 10, கேபிளும் 10 என்பது பார்க்கப் பொருத்தமாகத் தெரிவதால் அதைச் சந்தேகிப்பது இன்னும் கடினம்.

தவறு நடந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். T கிடைத்ததும் கீலின் விசைகளைக் கண்டுபிடித்து, பிறகு கிடை விசைகளையும் செங்குத்து விசைகளையும் கூட்டிப் பார்த்து ‘சரிபார்த்தாயிற்று’ என்று எழுதுகிறீர்கள். T 8.0 என்று வைத்து இதைச் செய்துபாருங்கள். கீலின் கிடை விசை 6.4, செங்குத்து விசை 10 − 4.8 = 5.2. கூட்டிப் பார்த்தால் இரண்டு திசையிலும் பூஜ்யம் வரும். வராமல் எப்படி இருக்கும்? அந்த இரண்டு சமன்பாடுகளை வைத்துத்தானே 6.4-ஐயும் 5.2-ஐயும் கண்டுபிடித்தீர்கள். T என்ன எண்ணாக இருந்தாலும் இந்தச் சோதனை தேறிவிடும். தவறு மொமென்ட்டில் இருக்கிறது, விசைகளைக் கூட்டி அதைப் பிடிக்க முடியாது.

பிடிக்க வேண்டுமானால் A அல்லாத இன்னொரு புள்ளியைச் சுற்றி மொமென்ட் எடுக்க வேண்டும். B-யைச் சுற்றி எடுங்கள். சுமையும் கேபிளும் B வழியாகப் போவதால் மிஞ்சுவது கீலின் இரண்டு விசைகள் மட்டும்.

```
6.4 × 3 = 19.2
5.2 × 4 = 20.8
```

இரண்டும் சமமாக இருக்க வேண்டும், ஆனால் 1.6 இடிக்கிறது. C-யைச் சுற்றி எடுத்தால் 6.4 × 6 = 38.4, சுமைக்கு 40. அங்கேயும் அதே 1.6. A-க்குத் திரும்பி வந்து சரியான தூரத்தைப் போட்டால் 8 × 4.8 = 38.4, மறுபடியும் 1.6. இது தற்செயல் இல்லை. விசைகளின் கூட்டுத்தொகையை நீங்கள் பூஜ்யமாக்கிவிட்டதால் பிழை முழுவதும் ஓர் இரட்டையாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. இரட்டையின் மொமென்ட் எந்தப் புள்ளியைச் சுற்றி எடுத்தாலும் ஒன்றுதான். அந்தப் பூம் நிற்காது, 1.6 கிலோநியூட்டன் மீட்டர் மொமென்ட்டோடு சுமையின் பக்கம் சுழன்று இறங்கும். சரியான விடையை வைத்துப் பாருங்கள்: T 8.33, கீலில் கிடையாக 6.67, செங்குத்தாக 5. B-யைச் சுற்றி 20-க்கு 20, C-யைச் சுற்றி 40-க்கு 40.

B, C இரண்டில் எது நல்ல சோதனை என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டார். C என்று சொன்னேன், காரணம் இது. sin, cos மாற்றிப்போட்டு, கிடைக்கூறு 0.6T, செங்குத்துக்கூறு 0.8T என்று எடுத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். A-யைச் சுற்றி 0.6T × 3 + 0.8T × 4 = 5T, மறுபடியும் அதே 8.0. கீலில் கிடையாக 4.8, செங்குத்தாக 3.6. B-யைச் சுற்றிச் சோதித்தால் 4.8 × 3 = 14.4, 3.6 × 4 = 14.4. தேறிவிட்டது! கேபிள் எந்தத் திசையில் இழுக்கிறது என்பதை B கேட்பதே இல்லை. திசை எதுவானாலும் விசை B வழியாகத்தானே போகிறது. C-யைச் சுற்றி எடுத்தால் 4.8 × 6 = 28.8, சுமைக்கு 40. உடனே வெளிச்சமாகிவிடும். கேபிளின் கோடு உண்மையில் C வழியாகப் போகிறதா என்பதைச் சோதிக்கிற புள்ளி அதுதான். ஆனாலும் C-யால் எல்லாவற்றையும் பிடிக்க முடியாது. படத்தில் 6 என்று இருப்பதை 5 என்று படித்துவிட்டால் எல்லாச் சமன்பாடுகளும் அந்த 5-க்கு ஒத்துப்போய்விடும். அதற்குப் படத்தை மறுபடி பார்ப்பதைத் தவிர வழியில்லை.

C-க்கு இன்னொரு பயனும் உண்டு. கணக்கையே அங்கிருந்து தொடங்கலாம். C-யைச் சுற்றி மொமென்ட் எடுத்தால் கேபிள் சமன்பாட்டிலேயே வராது. கீலின் செங்குத்து விசையும் தூண் வழியாக C-க்கே போகிறது. மிஞ்சுவது கீலின் கிடை விசை × 6 = 10 × 4. கிடை விசை 6.67, அதை 0.8-ஆல் வகுத்தால் T 8.33. சாய்ந்த கோட்டுக்குச் செங்குத்துத் தேடும் வேலையே இல்லாமல் போய்விட்டது. எந்தப் புள்ளியைச் சுற்றி எடுப்பது என்று முடிவுசெய்யும்போது ‘தெரியாத விசைகளில் எத்தனை ஒழியும்’ என்று மட்டும் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறோம். மிஞ்சுகிற விசைகளின் தூரம் படத்திலேயே எழுதியிருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தக் குழப்பம் உங்களோடு தொடங்கியதில்லை. வளைந்த நெம்புகோல் எப்போது சமநிலையில் நிற்கும் என்ற கேள்விக்கு, ஜோர்டானஸ் பெயரில் வழங்கும் 13ஆம் நூற்றாண்டு நூலொன்றில் சரியான விடை இருக்கிறது. கைகளின் நீளத்தைப் பார்க்கக்கூடாது, ஆதாரத்தின் வழியே போகும் செங்குத்துக் கோட்டிலிருந்து எடைகள் எவ்வளவு தள்ளித் தொங்குகின்றன என்பதைப் பார்க்க வேண்டும் என்று அது காட்டுகிறது. நேரான நெம்புகோலை ஆர்க்கிமிடீஸ் விளக்கி ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் போல ஆகியிருந்தது அப்போது. நேரான பீமிலிருந்து சாய்ந்த பூமுக்கு நீங்கள் சில வாரங்களில் வந்து சேர வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று விட்டுவைத்திருந்தோம், பூமின் எடை. 2 கிலோநியூட்டன் என்று எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை போடுங்கள். எடை பூமின் நடுவில், A-யிலிருந்து பூம் வழியே 2.5 மீட்டரில் இருக்கிறது. அந்த 2.5 உங்கள் சமன்பாட்டுக்குள் வரப் பார்க்கும், வரவிடாதீர்கள். எடை நேராகக் கீழே இழுப்பதால் வேண்டியது கிடைத்தூரம் 2 மீட்டர். T 9.17, கீலில் கிடையாக 7.33, செங்குத்தாக 6.5 வர வேண்டும். C-யைச் சுற்றிச் சோதித்தால் ஒரு பக்கம் 7.33 × 6, மறுபக்கம் சுமைக்கு 40, எடைக்கு 4. இரண்டு பக்கமும் 44 வராவிட்டால் அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு என் அறைக்கு வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் மெக்கானிக்ஸ் ஆசிரியர்